பேருந்துப் பலகையும் மொழிபெயர்ப்பும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

மொழிபெயர்ப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன காவியங்களும் நாவல்களும் அறிவியல் நூல்களுமே. ஆனால் நம் வட்டாரத்தில் நாள்தோறும் ஒருவர் மற்றொருவரிடம் கேட்டுப் பெறும் மொழிபெயர்ப்பு நான்கைந்து சொற்களுக்கு மேற்படாதது. பேருந்தின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பலகையைத்தான் சொல்கிறேன். ஓசூர்த் தொழிற்பேட்டைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வருவோர் பலர். அவர்களைப் பார்க்க வரும் உறவினர்களும் உண்டு. இரயிலில் வந்தால் இவர்களுக்கு இடர் இல்லை. இராயக்கோட்டை இரயில் நிலையத்துப் பலகையில் ஊர்ப்பெயர் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மும்மொழியிலும் முழுமையாக இருக்கிறது. பேருந்துப் பலகையோ பெரும்பாலும் தமிழில் மட்டுமே இருக்கும்; அதுவும் சுருக்கித்தான் இருக்கும். ஆகவே அவர்கள் கைப்பேசியில் படம் எடுத்து, தமிழ் தெரிந்த யாருக்கேனும் அனுப்பி, "இது எங்கே போகிறது?" என்று கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு விடை எளிது என்றே முதலில் தோன்றும். பெரிய எழுத்தில் உள்ள ஊரைச் சொல்லிவிட்டால் போயிற்று! ஆனால் அப்படிச் சொல்வது பல வேளைகளில் சரியான மொழிபெயர்ப்பாக இருந்தும் தவறான விடையாகிவிடுகிறது. ஏன் என்பதை என் கைக்கு வந்த ஒரு படத்தைக் கொண்டே விளக்குகிறேன். படம் ஒன்றன்று, இரண்டு.

எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒடிசா இளைஞர் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய அண்ணன் பெங்களூரு வரை இரயிலிலும் அங்கிருந்து பேருந்திலுமாக ஓசூர் வந்து சேர்ந்தார். அப்போது மாலை ஏழு மணி இருக்கும். அவருக்கு ஒடியாவும் இந்தியும் தெரியும், ஆங்கிலமும் ஓரளவு படிப்பார். ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு இரண்டு பேருந்துகளின் முகப்பைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டிலும் பெரிய எழுத்தின் வடிவம் ஒன்றாகவே இருப்பதை அவரே கவனித்திருக்கிறார். "இரண்டும் ஒரே ஊர்தானே? முன்னால் நிற்பது புறப்படப் போகிறது, ஏறிவிடட்டுமா?" என்பது அவர் கேள்வி.

இரண்டிலும் பெரிதாக இருந்த சொல் "தருமபுரி". அவர் சொன்னது உண்மையே. இரண்டும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன. ஆனால் ஓசூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று, தேசிய நெடுஞ்சாலை 44-இல் சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் வழியாகச் செல்வது. மற்றொன்று, உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகச் செல்வது. இரண்டு சாலைகளும் ஓசூரிலே பிரிந்து தருமபுரியிலேதான் கூடுகின்றன. முதற்சாலையில் போகும் பேருந்தில் ஏறியவர் இராயக்கோட்டையைக் காணவே மாட்டார். சுமார் 50 கிலோமீட்டர் கடந்து கிருஷ்ணகிரியில் இறங்கி, அங்கிருந்து வேறு பேருந்து பிடித்துத்தான் வர வேண்டும். இரவில் அந்த வேறு பேருந்து கிடைக்குமா என்பது தனிக் கேள்வி.

ஆகவே அவருக்கு வேண்டியது பெரிய எழுத்தின் பொருளன்று. நடுவில் பொடி எழுத்தில் இருக்கும் ஊர்களே அவருக்கு விடை சொல்ல வல்லவை. அந்தப் பொடி எழுத்துகளோ சுருக்கெழுத்துகள். முதலில், தெளிவாக இருந்த இரண்டாம் பேருந்தின் பலகையை எடுத்துக்கொள்வோம். அது வண்ணம் தீட்டிய தகரப்பலகை. இடப்புறம் "ஓசூர்", வலப்புறம் "தருமபுரி", இடையில் சிறியதாக "உ.பள்ளி – ரா.கோட்டை – பா.கோடு".

பலகை எழுதும் ஓவியர் ஊர்ப்பெயரைச் சுருக்கும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலெழுத்தை வைத்துக்கொண்டு, புள்ளி இட்டு, பின்பாதியை முழுமையாக எழுதுவார். கிருஷ்ணகிரி "கி.கிரி" ஆகும், தேன்கனிக்கோட்டை "தே.கோட்டை" ஆகும். கோயம்புத்தூர் கோவை ஆனதும் திருநெல்வேலி நெல்லை ஆனதும் வேறு வகை. அவை மக்கள் வாயிலேயே சுருங்கி, தாமே முழுப்பெயர்களாகிவிட்டவை. பலகைச் சுருக்கம் அப்படியன்று. "உ.பள்ளி" என்று யாரும் வாயால் சொல்வதில்லை, அது கண்ணுக்கு மட்டுமே உரியது. இதனால் வரும் தொல்லை ஒன்றுண்டு. நம் பக்கத்து ஊர்ப்பெயர்களின் பின்பாதி கோட்டை, பள்ளி, ஹள்ளி, பட்டி, கிரி என்று சிலவற்றுக்குள் அடங்கிவிடும். பின்பாதி எவ்வளவு முழுமையாக இருந்தாலும் அது ஊரைப் பிரித்துக் காட்டாது. இராயக்கோட்டையும் கோட்டைதான், தேன்கனிக்கோட்டையும் கோட்டைதான், தருமபுரிக்கு அருகிலுள்ள அதியமான்கோட்டையும் கோட்டைதான். வேற்றுமை முழுவதையும் ஓரெழுத்தே சுமக்கிறது.

அந்த ஓரெழுத்தும் சில வேளைகளில் போதாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. பாப்பாரப்பட்டி என்றோர் ஊர், பாப்பிரெட்டிப்பட்டி என்றோர் ஊர். இரண்டையும் மேற்சொன்ன முறையில் சுருக்கினால் "பா.பட்டி" என்றே வரும். ஒன்று தருமபுரிக்கு மேற்கே, மற்றொன்று கிழக்கே. பலகையை எழுதியவருக்கு இதில் குழப்பமே இல்லை; ஏனெனில் அவர் அச்சொல்லைத் தனியாக எழுதவில்லை. பக்கத்தில் பென்னாகரம் இருந்தால் அது பாப்பாரப்பட்டி. பொம்மிடியோ அரூரோ இருந்தால் பாப்பிரெட்டிப்பட்டி. ஆகவே சுருக்கத்தை விரிக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதி இதுவே: ஒரு சுருக்கத்தைத் தனியாக விரிக்கலாகாது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஊர்களை வைத்து, சாலையில் அந்த வரிசை உண்மையிலேயே அமைகிறதா என்று பார்த்தே விரிக்க வேண்டும். ஓசூர், உ.பள்ளி, ரா.கோட்டை, பா.கோடு, தருமபுரி என்னும் வரிசைக்கு உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை, பாலக்கோடு என்ற மூன்றைத் தவிர வேறெந்த ஊர்களும் பொருந்தா. ஐந்து பெயர்களும் ஒரே சாலையில் வரிசை மாறாமல் அமைந்துவிட்டன. விடை சரி என்பதற்கு அதுவே சான்று.

மற்றொரு நுட்பத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் தம் தம்பி எழுதி அனுப்பியிருந்த "இராயக்கோட்டை" என்ற தமிழ்ச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பலகையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "அந்த எழுத்தில் தொடங்கும் சொல் இரண்டு பேருந்திலும் இல்லையே" என்றார். ரகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாராது என்பது இலக்கணம்; அதனால் முன்னே இகரம் சேர்த்து எழுதுவோர் உண்டு, சேர்க்காமல் எழுதுவோரும் உண்டு. இதனால் ஓர் ஊருக்கு இரண்டு முதலெழுத்துகள்! இவ்வாறே ஓசூர் ஒசூர் ஆகவும் ஹோசூர் ஆகவும் காணப்படும். தருமபுரி தர்மபுரி ஆகும். தமிழ் படித்தவர் கண்ணுக்கு இவை வேற்றுமையாகவே படா. எழுத்தின் வடிவத்தை மட்டும் நம்பி நிற்பவருக்கோ இவை வேறு வேறு ஊர்கள். ஆகவே வெளியூரார்க்கு ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதித் தருவோர் இரு வடிவங்களையும், கூடவே பலகைச் சுருக்கத்தையும் எழுதித் தருவது நலம்.

இனி முதற் பேருந்துக்கு வருவோம். புறப்படத் தயாராக நின்றது அதுதான். அதன் பலகை மின்விளக்குப் பலகை. அந்தப் படத்தில் மேலே "தருமபுரி" என்பது கிடைக்கோடுகளாக வெட்டுப்பட்டுத் தெரிந்தது. கீழே ஓடும் வரியில் "கிரி – கா.ப" என்பது மட்டும் இருந்தது. எழுத்துகள் இப்படி வெட்டுப்படுவதற்குக் காரணம் நம் இயற்பியல் பாடத்தில் உள்ளதே. இப்பலகையில் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக, ஒன்று அணைய மற்றொன்று எரியும். அது மிக விரைவாகச் சுழல்வதால் நம் கண் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சொல்லாகக் காண்கிறது. கைப்பேசிக் காமிராவோ வெளிச்சம் மிகுந்த இடத்தில் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே திறந்து மூடும். அந்தக் குறுகிய நேரத்தில் எந்த வரிசைகள் எரிந்தனவோ அவையே படத்தில் பதியும். நடுப்பகலில் எடுத்த படங்களில் இக்குறை மிகுதி. மாலையில் காமிரா சற்று நீண்ட நேரம் திறப்பதால் குறைவு, ஆயினும் முற்றும் போவதில்லை. இதில் முதலில் பலியாவது மேலே நிற்கும் மெய்ப்புள்ளியும் கீழே தொங்கும் உகரக் கொம்பும். "ர்" என்பது "ர" ஆகும், "ரு" என்பதும் "ர" ஆகும். துணைக்காலும் ரகரமும் அப்பலகையில் ஒன்று போலவே தெரிவன என்பதையும் சேர்த்துக்கொண்டால், அரைகுறைப் படத்திலிருந்து ஊர்ப்பெயரை ஊகிப்பது எவ்வளவு நிலையற்றது என்பது விளங்கும்.

"கிரி – கா.ப" என்பதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்? "கா.ப" என்பது காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே அதுவே பொருந்தும். அதற்கு முன் உள்ள "கிரி" எது? கிருஷ்ணகிரியாக இருக்கலாம், கிருஷ்ணகிரியைச் சொல்லாமல் விட்டிருந்தால் சூளகிரியாகவும் இருக்கலாம். சூளகிரி என்றால் ஐயமே இல்லை, அது நெடுஞ்சாலை வண்டி. ஆனால் கிருஷ்ணகிரி என்றால் ஐயம் முழுதும் தீராது. ஏனென்றால் ஓசூரிலிருந்து இராயக்கோட்டை வந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரி போகும் பாதையும் ஒன்று இருக்கிறது. அப்படிச் சுற்றித் தருமபுரி போவது வழக்கமன்று என்று சொல்லலாம். ஆனால் வழக்கத்தை நம்பிப் பதில் சொல்லும் இடமன்று அது. "படம் வேண்டாம், அந்த ஓடும் வரி ஒரு சுற்று முடியும் வரை வீடியோவாக எடுத்து அனுப்புங்கள்" என்றேன். பத்து விநாடி வீடியோவில் "சூளகிரி – கி.கிரி – கா.பட்டணம்" என்று முழுவரியும் ஓடிற்று. வரிசைகள் வெட்டுப்படும் குறையும் வீடியோவில் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. கோடுகள் மினுமினுத்தாலும் சொல் படிக்க முடியும். ஓடும் பலகைக்கு ஒற்றைப் படம் உதவாது என்று துணிந்து சொல்லலாம்.

முதல் வண்டியின் கண்ணாடியில் ஓரமாக "1 டூ 1" என்றும் எழுதியிருந்தது. அவர் அதை வழித்தட எண் என்று கொண்டார். நம் ஊரில் எண் எழுதுவது டவுன் பஸ்ஸில்தான். ஊர்விட்டு ஊர் போகும் வண்டிகளைப் பெயரால்தான் அறிகிறோம். "1 டூ 1" என்பது புறப்படும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் இடையே நிற்காது என்பதன் அடையாளம். சில வண்டிகளில் அதையே "இடைநில்லா" என்று தூய தமிழில் எழுதியிருப்பர். இது கவனிக்கத்தக்கது. இவ்வடையாளம் உள்ள வண்டியின் பலகையில் நடு ஊர்கள் இருந்தால், அவை வண்டி எச்சாலையில் போகிறது என்று காட்டுமே தவிர, அங்கெல்லாம் நிற்கும் என்று பொருளாகாது. சாதாரண வண்டியிலோ இதற்கு நேர்மாறு. பலகையில் மூன்று ஊர்களே இருந்தாலும் இடையில் உள்ள கூட்டு ரோடுகளிலெல்லாம் நின்று போகும். ஆக, நடு ஊர்ப்பெயர்களை "நிற்கும் இடங்கள்" என்று மொழிபெயர்ப்பது இரண்டு வண்டிக்கும் பொருந்தாது. "வழி" என்று பலகையில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும், அவை வழியைக் காட்டும் அடையாளங்களே.

ஊர்ப்பெயர் அல்லாதவை வேறு சிலவும் பலகையருகே இருக்கும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. அதை அறிவிக்கும் சொற்கள் சில வண்டிகளில் ஊர்ப்பெயரினும் பெரிதாக இருக்கின்றன. வெளியூர்க்காரர் ஒருவர் அதையே ஊர்ப்பெயர் என்று படமெடுத்து அனுப்பினால் வியப்பில்லை. தனியார் வண்டிகளில் நெற்றி நடுவில் பளிச்சென்று இருப்பது முதலாளியின் குலதெய்வம் அல்லது பிள்ளையின் பெயர்.

ஊர்ப்பெயரே ஆனாலும் ஊரைக் குறிக்காத இடமும் உண்டு. ஓசூர் நகருக்குள்ளேயே இராயக்கோட்டை ரோடு இருக்கிறது. கிருஷ்ணகிரியிலோ இராயக்கோட்டை மேம்பாலம் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. இரண்டும் இராயக்கோட்டை அல்ல. இராயக்கோட்டைக்குப் போகும் திசை மட்டுமே. ஒரு டவுன் பஸ் பலகையில் "ராயக்கோட்டை ரோடு" என்று இருக்கக் கண்டு, இடமில்லாத குறையால் "ரோடு" என்பது பொடியெழுத்தில் ஒதுங்கியிருந்தால், தமிழ் அறிந்தவரே ஒரு கணம் ஏமாறுவார். எனவே ஊர்ப்பெயரை அடுத்து ஏதேனும் சொல் ஒட்டியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும்.

சரி, அவருக்கு என்ன எழுதி அனுப்பினேன்? ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது: "முன்னால் நிற்கும் வண்டியில் ஏற வேண்டாம், அதுவும் தருமபுரி போகிறது, ஆனால் வேறு சாலை, இராயக்கோட்டைக்கு வராது. தகரப்பலகை உள்ள இரண்டாவது வண்டி உங்களுடையது. அது உத்தனப்பள்ளி வழியாக வந்து, இராயக்கோட்டையில் நின்று, பிறகு பாலக்கோடு, தருமபுரி போகும். சீட்டு இராயக்கோட்டைக்கு வாங்குங்கள், தருமபுரிக்கு அல்ல. ஏறத்தாழ ஒரு மணி நேரம். உத்தனப்பள்ளி தாண்டியதும் தயாராக இருங்கள்." பலகையில் இருந்தவை ஐந்து சொற்கள், மொழிபெயர்ப்பில் ஆறு வாக்கியங்கள். கூட வந்தவையெல்லாம் நான் சேர்த்தவை அல்ல. இவ்வூரார் பலகையைப் பார்க்கும்போது தம் மனத்திலிருந்து தாமே நிரப்பிக்கொள்பவைதாம் அவை. ஓசூர் என்பது "புதிய ஊர்" என்னும் பொருள்படும் கன்னடப் பெயர் என்பதை மட்டும் எழுதவில்லை. அது சுவையான செய்தி; ஆனால் ஊர்ப்பெயரின் பொருளைச் சொன்னால் வந்தவர் அதையும் ஓர் ஊர் என்று தேடுவார்.

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எப்படிக் கூட்டி எழுதுவது என்பதிலும் ஒரு தெரிவு இருக்கிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஒலிக்கு நெருக்கமாக எழுத வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் பயணிக்கு எழுதும்போது, அவர் கைப்பேசி வரைபடத்தில் எந்தக் கூட்டல் இருக்கிறதோ அதையே எழுதினேன். பாலக்கோட்டுக்கு இரண்டு மூன்று கூட்டல்கள் வழங்குகின்றன. நான் ஒன்று எழுதி வரைபடம் வேறொன்று காட்டினால், பாதி வழியில் அவருக்கு ஐயம் பிறக்கும்.

எழுத்தறியாத என் தாயார் தனியாகவே கிருஷ்ணகிரி, பாலக்கோடு, ஓசூர் எல்லாம் போய் வருகிறார். அவர் "ஓசூர் போகுமா?" என்று கேட்பதில்லை. "ஏன்பா, உத்தனப்பள்ளி வழியாப் போகுமா?" என்றுதான் நடத்துநரைக் கேட்பார். நடு ஊரைக் கேட்டால் சாலையும் தெரிந்துவிடும், திசையும் தெரிந்துவிடும். பலகையைப் படிக்கத் தெரிந்தவர்களைவிட இக்கேள்வி கூர்மையானது என்பேன். ஏனெனில் திசையைப் பலகை சொல்வதே இல்லை. தகரப்பலகையில் இரண்டு முனை ஊர்களும் எழுதப்பட்டிருப்பதன் காரணம், போகும்போதும் வரும்போதும் அதே பலகை பயன்பட வேண்டும் என்பதே. ஓசூரில் நிற்கையில் இது தொல்லையில்லை, வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது. நடுவழியில் உள்ள இராயக்கோட்டையில் நிற்கும்போதோ, ஓசூர் போகும் வண்டியிலும் தருமபுரி போகும் வண்டியிலும் அதே ஐந்து சொற்கள். இடப்புறம் எழுதியது புறப்படும் ஊர், வலப்புறம் எழுதியது சேரும் ஊர் என்று கொள்வதற்கும் இல்லை. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இதற்கு விடை கிடையாது.

தம்பிக்குக் காய்ச்சல் தணிந்து, நான்காம் நாள் அவர் ஊர் திரும்பும்போது, பலகையைப் பற்றி நான் எதுவும் எழுதித் தரவில்லை. ஒரு தாளில் "உத்தனப்பள்ளியா, பாலக்கோடா?" என்று தமிழிலும், அதன் ஒலியை இந்தி எழுத்திலும் எழுதிக் கொடுத்தேன். நடத்துநர் "உத்தனப்பள்ளி" என்றால் ஏறலாம்; "பாலக்கோடு" என்றால் அடுத்த வண்டிக்கு நிற்க வேண்டும்.